ஒன்று என்று அடித்துப் பார்த்தார்கள்

காலை ஒன்பதரைக்குள் ஆறு போன். எல்லோரிடமும் ஒரே புகார்: ஆப்பைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. தின்றுகொண்டிருந்த தெம்பே என்ற சோயா வறுவலைப் பாதியில் வைத்துவிட்டு என் போனில் திறந்து பார்த்தேன். ஜம்மென்று திறந்தது. அலுவலகத்தில் இருந்த அத்தனை போனிலும் திறந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கு இந்தத் தொழிலே வெறுத்துப்போகும். கெட்டுப்போன சாமான் நம் கையிலும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்?

யோக்யா நகரில் பைக் கழுவும் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். நான், கிலாங், எங்கள் தலைவர் பாக் சுத்திக்னோ, மூன்றே பேர். 'பாக்' என்றால் இங்கே ஐயா. தெற்குக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காவல் காப்பவர்களுக்காக ஒரு ஆப் நடத்துகிறோம். முட்டைக் குழியைக் கண்டதும் அவர்கள் மணலைக் கலைத்துத் தடம் தெரியாமல் செய்துவிட்டு, இடத்தை ஆப்பில் மட்டும் குறித்துக்கொள்வார்கள். குச்சி நட்டால் முட்டைத் திருடன் தோண்டிவிடுவான். நோட்டில் எழுதினால் நோட்டே திருடு போகும். போன வருஷம் போயிற்று. கடற்கரையில் சிக்னலும் கிடையாது. அதனால் குறிப்பெல்லாம் அவரவர் போனில், ப்ரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து 'அனுப்பு' என்று அழுத்தினால்தான் எங்களுக்கு வந்து சேரும்.

ஆறு பேரில் ஐந்து பேர் போன வாரமே அனுப்பிவிட்டவர்கள். ஆறாவது ஆள் பாக் துகிமின்.

"ம்பாக் மூர், அனுப்பலாம்னுதான் மேட்டுக் காப்பிக்கடைக்கு ஏறி வந்தேன். சிக்னல் வந்துச்சு, என்னமோ சுத்துச்சு, அப்புறம் ஒரே வெள்ளையாயிடுச்சு" என்றார். மூர் நான்தான்; 'ம்பாக்' என்றால் அக்கா.

"எத்தனை குழி பாக், அனுப்பாம இருக்கறது?"

"முப்பத்தொண்ணு. ஜூன்லேர்ந்து முட்டி வலி, மேடேறவே முடியல. முத குழி இந்த வாரம் பொரிஞ்சிடும். குஞ்சு வெளிய வர்றப்ப பக்கத்துல ஆள் இல்லன்னா நாயும் நண்டும் விடுமா?"

"இருங்க பாக், என்னன்னு பாத்துட்டுக் கூப்பிடறேன்."

அதோடு ஒரு வார்த்தை, 'எதையும் தொடாதீங்க' என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் சொல்லவில்லை.

முந்தின நாள் மாலைதான் புது வர்ஷனை ஏற்றியிருந்தோம். பாக் துகிமின் மேடேறியதும் சிக்னல் முதலில் அதைத்தான் அவர் போனில் இறக்கியிருக்கிறது. எழுதியவன் கிலாங். கெட்டிக்காரன், அந்த நினைப்பும் உள்ளவன்.

"நான் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்தினேன் ம்பாக்."

"புது போன்லயா, பழைய வர்ஷன் ஓடின போன்லயா?"

"பழசு ஓடின போன்லதான். அந்த அளவுக்குக்கூட எனக்குத் தெரியாதா?"

அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் அவன் டெஸ்ட் போனைப் பிடுங்கிக்கொண்டேன். பழைய வர்ஷனை மறுபடி ஏற்றி, கடற்கரைப் பெயர் கேட்ட இடத்தில் 'பண்டான்சாரி' என்று ஒழுங்காக அடித்தேன். பிறகு புது வர்ஷனுக்கு மாற்றினேன். வெள்ளைத் திரை.

"நீ டெஸ்ட் பண்ணப்ப கடற்கரை பேர் என்ன போட்ட?"

கிலாங் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு."

"ஒண்ணுன்னா?"

"ஒண்ணுதான் ம்பாக். நம்பர் ஒண்ணு. எல்லாரும் அப்படித்தானே போடுவோம்?"

உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் போடுவோம். நானும் போடுவேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பழைய வர்ஷன் கடற்கரைப் பெயரை வெறும் எழுத்தாகச் சேமித்து வைத்தது. புதியதில் ஒருவருக்கு இரண்டு மூன்று கடற்கரை இருக்கலாம் என்பதால், பெயர், பகுதி என்று பிரித்து ஜேசான் என்ற தரவு வடிவில் வைக்கிறது. ஆப் திறந்ததும் முதல் வேலையாக, சேமிப்பில் இருப்பது ஜேசான்தான் என்று நம்பி அதைப் படிக்கும். ஜேசானில் வெறும் எண் இருக்கலாம். '1' என்பதைக் குறையில்லாமல் படித்துவிடும். மேற்கோள் குறி இல்லாத சொல் இருக்கக் கூடாது. 'பண்டான்சாரி'யின் முதல் எழுத்திலேயே பிழை என்று நின்றுவிடும். அந்தப் பிழையைப் பிடித்துச் சமாளிக்க கிலாங் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே திரையில் எதையும் வரைவதற்கு முன்பே மொத்த ஆப்பும் விழுந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சேமிப்பில் ஒன்றுமில்லை, அவனுக்குப் பிரச்சினையுமில்லை. வருஷக்கணக்காக எங்களை நம்பி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அடி.

"குழியெல்லாம்?" என்றான் கிலாங். குரல் இறங்கியிருந்தது.

"அது வேற பேர்ல அப்படியே பத்திரமா இருக்கு. ஆப் திறந்தாப் போதும். ஆறு வரி வேலை. படிக்க முடியலன்னா பழைய பேருன்னு எடுத்துக்கிட்டு புது வடிவத்துல எழுதி வை. எழுது சீக்கிரம்."

அவன் தட்ட ஆரம்பித்தான். நிம்மதியாக மூச்சுவிட்டேன். அப்போது பாக் சுத்திக்னோ கையில் டீயோடு வந்தார்.

"ஏன் இவ்வளவு டென்ஷன்? நான் அப்பவே காவல்காரங்க க்ரூப்ல சொல்லிட்டேனே."

"என்ன சொன்னீங்க பாக்?"

"ப்ரவுசர் டேட்டாவ எல்லாம் அழிச்சிட்டுத் திறங்கன்னு. எப்பவும் அதானே மருந்து? நாலு பேர் சரியாயிடுச்சுன்னு கட்டைவிரல் காட்டிட்டாங்க."

"மெசேஜை எடுங்க! குழி இருக்கறதும் அதே டேட்டாவுலதான்! எடுங்க பாக், உடனே!"

மூத்தவரிடம் இப்படிக் கத்துவது எங்கள் ஊரில் பெரிய தப்பு. கீழே பைக் கழுவுகிறவர்கள்கூடத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு மெசேஜை அழித்தார். அனுப்பி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. 'யாரும் எதையும் அழிக்க வேண்டாம்' என்று நான் க்ரூப்பில் போட்டேன். பாக் துகிமினைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே; அந்த மேட்டில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மறுபடி கூப்பிட்டேன். ஏழு தடவை.

கிலாங் முடித்தான். பண்டான்சாரி, ஒன்று, காலி, மூன்றையும் போட்டுப் பார்த்தோம். எல்லாம் திறந்தது. பத்து ஐம்பதுக்கு ஏற்றினோம். பதினொன்றுக்கு போன் வந்தது.

"ம்பாக் மூர், நன்றி!" என்றார் பாக் துகிமின். குரலில் அவ்வளவு சந்தோஷம். "க்ரூப்ல சொன்ன மாதிரியே எல்லாத்தையும் அழிச்சேன். எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு கடைக்காரர்ட்ட கேட்டுக் கேட்டு ஒவ்வொண்ணாப் பண்ணினேன். இப்ப ஆப் அருமையா திறக்குது. லிஸ்ட்டு மட்டும் காலியா இருக்கு. அத எப்ப திருப்பி அனுப்புவீங்க?"

கிலாங்கும் பாக் சுத்திக்னோவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரையும் அறைய வேண்டும் போலிருந்தது. என்னையும்தான்.

"எங்ககிட்ட இல்ல பாக். அது உங்க போன்ல மட்டும்தான் இருந்துச்சு."

"அப்ப அழிச்சது நான்தானா?"

"இல்ல பாக். நாங்க. நாங்க சொன்னதத்தான் நீங்க செஞ்சீங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிக்கறீங்களா?" என்றார். "மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். தாழம்புதருக்குக் கிழக்க பத்து அடி. உடைஞ்ச படகுக்குப் பின்னாடி, ரெண்டு குழி, பக்கம் பக்கமா. அப்புறம் ஓடை வாய்க்கு முன்னாடி..."

கையில் கிடைத்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நிறுத்தி நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கரையோரமாக நடப்பவர் போலச் சொன்னார். நடுநடுவே "இல்ல இல்ல, அது போன வருஷத்துது" என்று அடிக்கச் சொன்னார். பதினெட்டு. பத்தொன்பது.

பத்தொன்பதுக்கு அப்புறம் "அடுத்தது... அடுத்தது..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்; இன்னும் பன்னிரண்டு பாக்கி. நானும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.