சாம்பல் அட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷ்பேசின் கம்பெனி நடத்தும் கஜபதி, கேட்டலாக் படங்களைத் திருத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்குத் தானே வந்து உட்கார்ந்துவிட்டார். ஃபேக்டரி வைத்திருந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பு. அங்கே படம் திருத்தும் எத்திராஜுக்கு அவரைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

பல்பு வெளிச்சத்தில் எடுத்த எட்டுப் படங்களும் காமாலை வந்ததுபோல் மஞ்சளாக இருந்தன. பேசின் பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து எடுக்கச் சொல்லியிருந்தான் எத்திராஜ். கம்ப்யூட்டரில் அந்த அட்டையை அதன் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்தால் மற்ற நிறங்களும் சரியாகிவிடும். “அழுக்கு அட்டைய எவன்டா படத்துல வெப்பான்?” என்று தூக்கிப் போட்டவர் இந்தக் கஜபதிதான்.

“நகுரு” என்று மௌசைப் பிடுங்கி, ஒவ்வொரு பேசினையும் இதுதான் வெள்ளை என்று கிளிக் செய்தார். ஏழு சரியாக வந்தன. எட்டாவதும் வெளுத்தது, ஆனால் பேசினுக்குப் பின்னாலிருந்த சாம்பல் திரைச்சீலை நீலமாகிவிட்டது.

“எட்டும் ஒரே வெள்ளை! பெரிய வித்தைன்னு பீத்திகினு இருந்தியே?”

“சூப்பர் சார்,” என்றான் எத்திராஜ். “எட்டாவது உங்க புது ஐவரி மாடலு, க்ரீம் கலரு. அத்த விக்கத்தான் இந்தக் கேட்டலாகே போடுறீங்க.”