நாலுக்கு இரண்டு மேஜை

அந்த அறை பார்த்தவுடனே நன்றாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வர அது போதும்.

நான் ராபின். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் காகிதத்தில் அளவு வெட்டிக் கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடம் இதைச் செய்ததில், யார் என்ன அளவு சொன்னாலும் டேப்பை எடுக்காமல் தலையாட்டியது கிடையாது. எங்கள் ஊரில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏமாந்தவன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் எனக்குக் கல்யாணம். பெண் ஆஷா, உடன்குடிக்காரி. இங்கேயே பெண்கள் விடுதியில் தங்கி, வெளியூர் ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வேலை செய்கிறாள். ஆபீஸ் கிடையாது, இருக்கிற இடத்திலிருந்தே வேலை. கம்பெனி இரண்டு பெரிய திரைகள் கொடுத்திருக்கிறது. விடுதியில் வைக்க இடமில்லாமல் இரண்டும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கின்றன. அவள் கட்டிலில் சம்மணம் போட்டு, குனிந்தே வேலை பார்த்துக் கழுத்து வலியை வாங்கி வைத்திருக்கிறாள்.

நிச்சயம் முடிந்த அன்று அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாலடிக்கு ரெண்டடி ஒரு மேஜை வேணும். அதுல நீங்க சாவிய வைக்கக் கூடாது, துணிய மடிச்சு வைக்கக் கூடாது. எங்க வீட்டுல எனக்கு ஒரு மேஜை இருந்துச்சு. மொதல்ல ஒரு ஓரத்துல அரிசிப் பையை வச்சாங்க. ஒரு மாசத்துல அது அரிசிப் பை வைக்கிற இடமாயிட்டு. மேஜை இல்லாத வீட்டுக்கு நான் வர மாட்டேன். கல்யாணத்தையே தள்ளி வைச்சிருவேன்."

"இது ஒரு பெரிய விஷயமா" என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அப்படித்தான் வாடகைக்கு அறை பார்க்க மண்ணரைப் பக்கம் போனேன். ஆறுச்சாமி என்பவர் முன்பு தையல் மிஷின் ஓடிய மாடி ஹாலைத் தடுத்து நாலு அறைகளாக்கி, 'ஸ்டுடியோ அபார்ட்மென்ட்' என்று பலகை மாட்டியிருந்தார். கட்டில், சமையல் மேடை, மேஜை எல்லாம் ஒரே அறைக்குள். குளியலறை மட்டும் தனி. முதல் அறையை மாதிரிக்காகச் சாமான் போட்டு வைத்திருந்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் எல்லாச் சாமானும் போட்ட பிறகும் நடுவில் இரண்டு பேர் கோலாட்டம் ஆடலாம் போல இடம் இருந்தது. எப்படி இருக்கும்? நான் கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். கடைசியில் பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.

கட்டில் நீளம் அறுபத்தெட்டு இஞ்ச். கடையில் வாங்கினால் எழுபத்தைந்து இருக்கும். சமையல் மேடை இருபத்திநாலு ஆழம் இருக்க வேண்டும், பதினெட்டுதான் இருந்தது. பீரோ ஆழம் பன்னிரண்டு இஞ்ச். ஹேங்கரில் ஒரு சட்டையை மாட்டினால் கதவு மூடாது. மூடுவதற்குக் கதவும் இல்லை. குளியலறைக் கதவையும் கழற்றி எங்கேயோ வைத்திருந்தார்கள். மேஜை பதினைந்து இஞ்ச் அகலம். அதன் மேல் ஒரு பூச்சாடி மட்டும்.

"ஏனுங்க, இந்தக் கட்டில்ல யாருங்க படுக்கறது?" என்றேன்.

ஆறுச்சாமிக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "நான் படுத்தா காலு நீட்டலாமுங்க" என்றார். ஐந்தடி இரண்டு இஞ்ச் இருப்பார். "அது சும்மா மாடலுக்குங்க தம்பி. போட்டோவுல நல்லா வருமுன்னு கோயமுத்தூர்ல சொன்னாங்க."

"அப்ப பாக்க வர்றவங்கள ஏமாத்தறீங்க."

"நீங்க பனியன் கம்பெனிதானுங்களே? போட்டோ புடிக்கறப்ப பொம்மைக்கு மாட்டுன பனியனப் பொறத்தால கிளிப்பு போட்டு இறுக்கறது ஆருங்க?"

கிளிப் போடுகிற ஆள் சில நாள் நானேதான்.

அவர் பக்கத்து அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். "இது காலியா இருக்குதுங்க. அதே அளவு. உங்க சாமானுக்கு எடம் பத்துதான்னு நீங்களே பாத்துப்போட்டுச் சொல்லுங்க. ஒரு வாரம் ஆருக்கும் குடுக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாகச் சாவி கொடுக்கிறவரை எப்படி நம்புவது? காலி அறையை நாலு மூலையும் அளந்தேன். நூற்றிருபதுக்கு நூற்றி நாற்பத்திநாலு. அரை இஞ்சாவது குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சரி, இந்த ஆளுக்கு ஒழுங்கான வேலை என்றால் என்னவென்று காட்டுவோம் என்று, சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனியின் பழுப்புக் காகிதத்தில் எங்கள் வீட்டுச் சாமானையெல்லாம் நிஜ அளவில் வெட்டினேன். துணியின் மேல் பேட்டர்ன் துண்டுகளை நெருக்கிப் போட்டு, இடைவெளியே இல்லாமல் அடுக்குவதை மார்க்கர் என்போம். எவ்வளவுக்கெவ்வளவு துணி மிச்சமோ அவ்வளவுக்கவ்வளவு நல்ல மாஸ்டர். இந்த விஷயத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

அம்மா ஊரில் செய்யச் சொல்லியிருக்கும் கட்டில், ஐந்தடி அகலம். நாலடி சமையல் மேடை. ஃபிரிட்ஜ். பீரோ. நான் ஏற்கெனவே வாங்கிவிட்ட டி.வி.க்கு நாலடி ஸ்டாண்டு. வாஷிங் மெஷின். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்து முடித்தபோது, வாசல் கதவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் முப்பத்தாறு இஞ்ச் மிஞ்சியது. மேஜை மட்டும் பாக்கி.

முப்பத்திநாலுக்குப் பதினாறு வெட்டினேன். ரொம்ப யோசிக்கவில்லை. மற்ற எல்லாத் துண்டிலும் பெயரும் அளவும் எழுதினேன். அதில் மட்டும் 'ஆஷா மேஜை' என்று பெயரை எழுதி நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஆஷா நேராக வந்தாள். தரை முழுக்கக் காகிதம். மூலைகளில் சாக்பீஸ் டப்பாவும் செங்கல் துண்டும் வைத்துப் பறக்காமல் செய்திருந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறுச்சாமியும் பார்க்க வந்து வாசலில் நின்றார்.

"எல்லாமே அடங்கிட்டு பாத்தியா? ஒண்ணையும் விடல" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். சமையல் மேடை முன்னால் போய் நின்று, இல்லாத கரண்டியைப் பிடித்துக் கிண்டுவது போலக் கையை ஆட்டிப் பார்த்தாள். கையை நீட்டினால் மேஜை.

"நீங்க தாளிச்சா கடுகு என் கம்ப்யூட்டர்லதான் வந்து விழும்" என்றாள்.

"தாளிக்கும்போது சொல்லிட்டுத் தாளிக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. மாதிரி அறையிலிருந்து நாற்காலியை எடுத்து வந்து மேஜைக் காகிதத்தின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி பின்னால் தள்ளினாள். வாசலிலிருந்து உள்ளே வரும் வழி அடைபட்டது. யாராவது வந்தால் அவள் எழுந்திருக்க வேண்டும், போனாலும் எழுந்திருக்க வேண்டும். மார்க்கரில் நாற்காலி தள்ளுவதற்கு இடம் விடுகிற பழக்கம் எனக்கில்லை. பனியன் பாகம் எதுவும் எழுந்து நடமாடுவதில்லையே.

அவள் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

"இது என்ன அளவு?"

"நாலுக்கு ரெண்டுதான்" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"டேப்பைத் தாங்க."

"எதுக்கு, நான்தான் சொல்லுதேன்லா."

"தாங்க."

கொடுத்தேன். அவள் முழங்காலிட்டு அளந்தாள். நீளத்தை ஒரு தடவை. அகலத்தை இரண்டு தடவை. பிறகு டி.வி. ஸ்டாண்டை அளந்தாள். அது ஒரு நூல் குறையாமல் நாற்பத்தெட்டு இருந்தது. கட்டிலையும் அளந்தாள். அதுவும் சரியாக இருந்தது. அறையில் பொய் சொன்ன காகிதம் ஒன்றுதான். அதில் அவள் பெயரை என் கையாலேயே எழுதியிருந்தேன்.

வாசலில் ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "மாடலுக்குங்களா தம்பி?" என்றார், மெதுவாக. கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். மனிதருக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

எனக்கு முகம் எரிந்தது. இத்தனை வருடத்தில் பிறர் அளவை எவ்வளவு தடவை பிடித்திருப்பேன். பிடிபட்டவன் முகம் இப்படித்தான் எரியும் என்று தெரியாது.

"அவரு முன்னபின்ன தெரியாதவங்கள ஏமாத்துனாரு" என்றாள் ஆஷா. குரல் உயரவே இல்லை. "நீங்க யாரை ஏமாத்துனீங்க? அரிசிப் பையாவது ஒரு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. இங்க நான் வரதுக்கு முந்தியே வெட்டிட்டீங்க."

"தப்புதான் ஆஷா. மறுபடி வெட்டுதேன்."

"நான் படியில உக்காந்திருக்கேன். அரை மணி நேரம். அதுக்குள்ள கூப்பிட்டா வரேன். இல்லைன்னா விடுதிக்குப் போயிட்டு அப்பாவுக்குப் போன் போடுதேன்."

மிச்சக் காகித உருளை மூலையில் இருந்தது. முதலில் மேஜையை வெட்டினேன். நாற்பத்தெட்டுக்கு இருபத்திநாலு. அதை ஜன்னல் மூலையில், நீளச் சுவரோடு போட்டேன். பிறகு நாற்காலி பின்னால் போகும் இடத்துக்கு மூன்றடிக்கு ஒரு காகிதம். அடுப்பு முன்னால் ஆள் நிற்க இரண்டரை அடி. பீரோக் கதவு திறக்க ஒன்று, வாசல் கதவு திரும்ப ஒன்று. எதுவுமே இருக்கப் போகாத இடத்துக்கு நான் பேட்டர்ன் வெட்டுவது அதுதான் முதல் தடவை.

கட்டில் இடித்தது. ஐந்தடியை நாலடியாக்கி, சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் இருக்கும் சுவரிலேயே நீளவாக்கில் ஒட்டிப் போட்டேன். வாஷிங் மெஷின் வெளி வராந்தாவுக்குப் போனது. டி.வி. ஸ்டாண்டு எங்கே வைத்தாலும் வேறொன்றின் மேல் ஏறியது. இரண்டாகக் கிழித்து மூலையில் எறிந்தேன்.

ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, ஆசாரிட்ட கட்டில் அகலம் நாலடி போதும்னு சொல்லிருங்க" என்றேன்.

"அவ சொன்னாளா?" என்றார் அம்மா. என் சந்தேகப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.

"நான்தான் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் கூப்பிட்டேன். அவள் வந்து நாற்காலியைப் போட்டாள், உட்கார்ந்தாள், பின்னால் தள்ளினாள். கட்டில் காகிதத்துக்கு ஒரு அடி முன்பாகவே நின்றது. என்னை உள்ளேயும் வெளியேயும் நடக்கச் சொன்னாள். நடந்தேன். அடுப்பு முன்னால் நின்று தாளிக்கச் சொன்னாள். தாளித்தேன். கடுகு எங்கே தெறித்தாலும் மேஜைக்கு வராது.

"அளவு சரியா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

அவள் மறுபடி முழங்காலிட்டு அளந்தாள். மேஜை, கட்டில், பீரோ, சமையல் மேடை, காலி இடங்கள் என்று ஒன்றைக்கூட விடவில்லை. நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

"ஆறுச்சாமி அண்ணாச்சிட்ட அட்வான்ஸ் குடுத்திருங்க" என்று எழுந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. படி இறங்கும்போது டேப்புக்காகக் கையை நீட்டினேன். அவள் அதை ஒழுங்காகச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.