இரண்டுக்கு ஒன்று

எங்கள் வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தது ஒரே ஒரு முறைதான். அதிலும் நான் தோற்றேன்.

மகளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். பதின்மூன்று வயது. தடை தாண்டி ஓடும் பந்தயத்தில் கில்லாடி. தூரத்து ஊரில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது. அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, அங்கேயே ஓட வேண்டும். போகிறேன் என்று குதித்தாள். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். அவரும் போகட்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன்.

மனசுக்குள் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை நான். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். வளர்கிற வயசு, முட்டி கெட்டுவிடும். படிப்பு பின்னால் போய்விடும். அழுதால் உடனே ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. கடைசியில், "நீ இல்லாம வீடு வெறிச்சுனு ஆயிடும்டி. இது காரணம் இல்ல, ஆனா உண்மை" என்றும் சொன்னேன். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். கேட்டபிறகும் மாறவில்லை.

"சரி. இதைத் திரும்ப எப்பப் பேசுறது?" என்று கேட்டேன்.

"அரையாண்டு விடுமுறைக்கு வருவாள்ல, அப்பப் பேசலாம்" என்றார் அவர்.

"அதுக்கு முன்னாடி முட்டி வலிச்சாலும், சாப்பிடாம இளைச்சாலும், யாராவது அடிச்சாலோ மிரட்டினாலோ, அன்னைக்கே கூட்டிட்டு வந்துடணும்."

இருவரும் தலையாட்டினார்கள்.

"அப்ப இது என் முடிவும்தான்" என்றேன்.

வாய் சுலபமாகச் சொல்லிவிட்டது. அதன்படி நடந்துகொள்ளத்தான் நாளானது.

வாலு விடுதிக்குப் போன அதே வாரம் என் அக்கா போன் செய்தாள். எனக்கு மனசுவிட்டுப் பேச இருக்கிற ஒரே ஆள் அவள். "நீ வேண்டாம்னுதானே சொன்னே? உன் வீட்டுக்காரர் பிடிவாதமா அனுப்பிட்டாராமே?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரை இருவருமாகச் சேர்ந்து துவைத்துக் காயப்போட்டிருக்கலாம், எனக்கும் பாரம் இறங்கியிருக்கும்.

"நாங்க சேர்ந்து எடுத்த முடிவு அக்கா."

"என்கிட்டயே மறைக்கிறியா?"

"எனக்கு அவ இல்லாம இருக்க முடியலக்கா. அது வேற. ஆனா அவர் அனுப்பினார்னு சொல்லாதே. நாங்க அனுப்பினோம்."

அக்காவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. அதன்பிறகு அவள் போன் செய்வது குறைந்துபோனது. வீட்டில் பேச்சுத்துணைக்கு மிஞ்சியவர், கேட்டால் மட்டும் பதில் சொல்கிற மனுஷர். மாலையில் அவர் கடையிலிருந்து வரும்வரை டிவியை ஓடவிட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஒருநாள், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நகர மாட்டேங்குதே, ஏன்?" என்றாள். குனிந்து பார்த்தால், என் கால் என் பிரேக்கின் மேல் இருக்கிறது. அவளை ஓட்டச் சொன்னதும் நான், ஓடவிடாமல் பிடித்துவைத்ததும் நான். நான் அசடு வழிந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாலுவிடம் போனில் நான் கேட்பதெல்லாம் ஞாபகம் வந்தது. சாப்பாடு வாய்க்கு விளங்கலையா? படுக்கை குத்துதா? வீட்டு ஞாபகம் வருதா? அழுகையைத் தவிர வேறு பதிலே இல்லாத கேள்விகள். போதாததற்கு, போனை வைக்கும் முன் ஒரு "பாவம்டி நீ" வேறு. ஒப்புக்கொண்டேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டு, இது தோற்க வேண்டும் என்று உள்ளே காத்துக்கொண்டிருந்தேன். என் பேச்சு பலிக்கவேண்டும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையை அழவைத்துக்கொண்டிருந்தேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து கேள்விகளை மாற்றினேன். தடைக்கு மேல் எந்தக் காலை முதலில் போடுகிறாள், பயிற்சியாளர் அதை ஏன் மாற்றச் சொல்கிறார், மாற்றும்போது எங்கே தடுமாறுகிறது என்றெல்லாம் கேட்டேன். எனக்கு ஓட்டத்தைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவள்தான் விளக்கினாள், விளக்கும்போது குரல் நிமிர்ந்தது. கணக்கில் தடுமாறுகிறாள் என்று தெரிந்ததும் விடுதி ஆசிரியையிடம் பேசி மாலை வகுப்புக்கு ஏற்பாடு செய்தேன். முட்டியைப்பற்றி மட்டும் வாராவாரம் தவறாமல் விசாரித்தேன். அது பேசி வைத்துக்கொண்டது, அதை விடுவதற்கில்லை.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசும்பிக்கொண்டே போன் செய்தாள்.

"அம்மா, நான் வந்துடறேன். நீதானே வேண்டாம்னு சொன்னே? அப்பாகிட்டச் சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "கூட்டிட்டு வந்துடலாமா? நீ சொன்னதுதான் சரியோ என்னவோ" என்றார் மெதுவாக. சாயங்காலத்துக்குள் கிளம்பினால் மறுநாள் குழந்தை வீட்டில் இருப்பாள். நான் ஜெயித்ததாகவும் ஆகும்.

"அழாம சொல்லு. முட்டி வலிக்குதா?"

"இல்ல."

"யாராவது அடிச்சாங்களா? பயமுறுத்துறாங்களா? உன்னைத் தொடுறது, தப்பாப் பேசுறது எதாவது? எதுவா இருந்தாலும் சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்."

"அதெல்லாம் இல்லம்மா. எல்லாருக்கும் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடறேன்."

தனியாகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மத்தியானம் சமையலறையில் நின்றுகொண்டே விழுங்குகிறவள்தானே நான்.

"வேண்டாம்னு சொன்னேன்தான். என் மனசு இன்னும் மாறலடி, உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாம மூணு பேரும் பேசி முடிவு பண்ணோம். விடுமுறை வரைக்கும் முழுசா முயற்சி பண்ணிப் பாக்கலாம். நாளைக்கு யார்கிட்டப் போய் உக்காரலாம்னு இப்ப யோசிப்போமா?"

"உனக்கு நான் வேண்டாமா?" என்று கேட்டாள்.

"உன்னைத் தவிர எனக்கு வேற எதுவும் வேண்டாம்டி கண்ணு" என்றேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தாள். காதில் விழுந்ததோ இல்லையோ. விடுதி அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் கவனிக்கச் சொன்னேன். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். நான் வெளியே வந்ததும், "நீ வேண்டாம்னு சொன்னவளாச்சே..." என்று ஆரம்பித்தார். "விடுமுறையில பேசலாங்க" என்றேன்.

அடுத்த நாள் அவள் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று விடுதி அம்மாவிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். பிறகு கூப்பிட்டாள். முறைத்துக்கொண்டேதான் பேசினாள். போகப்போகப் பேச்சில் வேறு பெண்களின் பெயர்கள் வந்தன. அப்புறம், "அம்மா, சீக்கிரம் சொல்லு, எல்லாரும் வெயிட் பண்றாங்க" என்று பறக்க ஆரம்பித்தாள். போ போ என்று விரட்டிவிட்டு, ஓய்ந்துபோன போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

விடுமுறைக்கு வந்தபோது கறுத்து, உயர்ந்து, கணக்கில் சுமாரான மதிப்பெண்ணோடு வந்து நின்றாள். சொன்னபடி மூவரும் உட்கார்ந்தோம். "நீ முதல்ல சொல்லு" என்றார் அவர்.

"நான் பயந்தது ஒண்ணும் நடக்கல. முட்டி நல்லா இருக்கு, சாப்பிடறா, படிப்பு பரவாயில்ல. வீடுதான் வெறிச்சுனு இருக்கு. அது காரணம் இல்ல. அவளுக்கு இஷ்டம்னா போகட்டும்."

"போறேன்" என்றாள் வாலு, தலையைக் குனிந்துகொண்டே.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து முதுகில் சாய்ந்தாள்.

"அன்னைக்கு வான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேம்மா. திரும்பப் போயிருக்கவே மாட்டேன்."

"தெரியும்" என்றேன்.