திரும்பிப் போன சாக்குகள்

போன வருஷம் இலைத்துரு நோய் அவன் காப்பித் தோட்டத்தை மொட்டையடித்துவிட்டுப் போனபோது, மிஞ்சிய காயைப் பறிக்கத் தங்கைதான் தன் சாக்குகளோடு ஓடி வந்தாள். அந்தக் காயிலும் துளைப்பான் வண்டு இருந்தது. சாக்கில் ஒட்டிய வண்டு சாக, அதைக் கொதிநீரில் முக்கித்தான் திருப்பித் தர வேண்டும். மனசு விட்டுப்போன அவன், உதறி மட்டும் அனுப்பினான்.

இன்று அவள் தோட்டத்தில், முற்றிய காய்களின் நுனியில் குண்டூசித் துளைகள். ஒன்றைக் கத்தியால் பிளந்தாள். கொட்டைக்குள் எள்ளைவிடச் சின்னதாய்க் கறுப்பு வண்டு.

"எங்கேர்ந்துதான் வந்துச்சோ இந்தச் சனியன்! இத்தனை வருஷம் ஒண்ணுகூட இல்லையேண்ணே."

அவன் குனிந்து வண்டைப் பார்த்தான். "சாக்குல வந்ததும்மா. நான் முக்காமக் குடுத்துட்டேன்."

அவள் பிளந்த காயைக் கீழே போட்டாள்.

"அன்னைக்கு நான் வெறுங்கையோட வந்திருக்கலாம்," என்றாள். அதில் 'அண்ணே' இல்லை.