கௌஸ்துபின் கையில் ஒரு கொரிய வரி

தடாவுக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் கௌஸ்துபுக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு போல்ட்டில் முடியளவு கீறல் இருந்தாலும் எடுத்துத் தனியே போட்டுவிடுவான். அவன் கண்ணை ஏமாற்ற முடியாது என்று கம்பெனியில் பேச்சு. அந்தப் பேச்சு அவன் காதுக்கும் வந்திருந்தது.

ஆவணியில் அவனுக்கு நீரஜாவோடு நிச்சயமாயிற்று. அவள் சித்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கொரிய சீரியல் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்று கௌஸ்துபுக்கு ஓர் ஆசை. முன்கையில் கொரிய எழுத்தில் ஒரு காதல் வரி பச்சை குத்திக்கொண்டால்? அவளுக்கும் பிடிக்கும், வீட்டில் யாராலும் படிக்கவும் முடியாது.

இன்ஸ்டாகிராமில் ஒரு ரோஜாப்பூப் படம் அகப்பட்டது. மேலே கொரிய எழுத்து, கீழே ஆங்கிலத்தில் ‘என் மனசு உன்னுடையது’ என்று அர்த்தம். போனின் மொழிபெயர்ப்பு ஆப்பில் காட்டிப் பார்த்தான். அது வரியை உச்சரித்துக் காட்டியது; ஆனால் அர்த்தம் ‘உன் மனசு என்னுடையது’ என்றது.

“இதுக்கு நீ, நான் கூடத் தெரியலை” என்று ஆப்பை மூடிவிட்டான்.

திருப்பதியில் டாட்டூ கடை வைத்திருந்த மோகனப்ரியா நகரி ஊர்க்காரி. படத்தைப் பார்த்ததும் ஊசியைத் தொடவில்லை.

“தெரியாத எழுத்துன்னா செக் பண்ணாம நான் போடறதில்ல சார். ஒருத்தர் வேற எங்கியோ அரபில பொண்டாட்டி பேரு குத்திக்கினு வந்தாரு. கம்ப்யூட்டர்ல ஒட்டும்போது எழுத்தெல்லாம் தனித்தனியா பிரிஞ்சி, தலைகீழ் வரிசையில நின்னுக்கினு இருக்குது. அரபு தெரிஞ்சவங்க அத பேருன்னே ஒத்துக்கல. இன்னொருத்தருக்கு சைனா எழுத்து. தோல்ல ஒட்டற ஸ்டென்சில் தாளு திரும்பிப் போயி, கண்ணாடில பாத்தாதான் சரியா தெரியும்.”

“நான் என்ன பண்ணணும்?”

“பூ படத்த நம்பாதீங்க. அந்த பாஷையில பொறந்து வளந்தவங்க ரெண்டு பேருக்கு, நான் வரைஞ்ச ஸ்டென்சிலயே போட்டோ எடுத்து அனுப்புங்க. அர்த்தத்த நீங்க சொல்லக்கூடாது. இது என்ன சொல்லுதுன்னு அவங்கதான் சொல்லணும்.”

தரப் பரிசோதனைக்காரனுக்கே பரிசோதனை சொல்லித்தருகிறாளே என்று கௌஸ்துபுக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆனாலும் கம்பெனியில் தன் மேலதிகாரியான சோ சாருக்குப் போன் போட்டான்.

“சார், ‘என் மனசு உன்னுடையது’ங்கறதுக்கு, ‘நே மாஉமுன் நே கொ’ன்னா சரியா?”

சோ சார் சிரித்தார். “சரிதான். கொஞ்சம் பழைய காலத்து வசனம். எழுத்தை அனுப்பு, பார்க்கிறேன்.”

கௌஸ்துப் அனுப்பவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டாவது ஆளையும் தேடவில்லை.

“கொரியாக்காரரே ஓகே சொல்லிட்டார்” என்று மோகனப்ரியாவிடம் போய் நின்றான்.

“ஸ்டென்சில பாத்தாரா சார்?”

“எல்லாம் ஆச்சு.”

அவள் அவன் கொடுத்த படத்தோடு ஸ்டென்சிலைக் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. படத்தில் இருந்தது இருந்தபடி கைக்கு வந்து சேர்ந்தது.

புண் ஆறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீரஜாவைச் சந்திரகிரிக்கு வரச்சொன்னான். கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்ததும் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி நீட்டினான். நீரஜா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“உனக்குப் படிக்கவே தெரியுமா?” கௌஸ்துப் அசந்துபோனான்.

“ஆன்லைன்ல கத்துக்கறேன். நீங்க கேட்டதில்லையே. இதுக்கு என்ன அர்த்தம்னு நெனச்சிண்டு குத்திண்டேள்?”

“என் மனசு உன்னோடதுன்னு.”

“இல்லை. உன் மனசு என்னோடதுன்னு இருக்கு.”

“சோ சார் சரின்னாரே!”

“காதால கேட்டிருப்பார். இங்க பாருங்கோ, ரெண்டு கோடு நேரா நிக்கறது. சின்னக் கோடு ரெண்டுக்கும் நடுவுல இருந்தா ‘என்’. இடது பக்கம் வெளியில நீட்டிண்டிருந்தா ‘உன்’. கேட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனாலயே அவா பேசறச்சே ‘உன்’னை ‘நி’ன்னு மாத்திச் சொல்லுவா. நீங்க அர்த்தத்தை முன்னாடியே சொல்லிட்டேள். அவர் அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துண்டுட்டார்.”

கௌஸ்துப் தன் கையை, திருப்பி அனுப்பவேண்டிய சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“எழுத்துதான் தப்பு” என்றாள் நீரஜா, புல்லைக் கிள்ளிக்கொண்டே. “விஷயம் சரியாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கப்புறம் நான் சித்தூர் வேலையை விட்டுடுவேன்னு உங்க அம்மாகிட்ட சொன்னேளாமே. என்னைக் கேட்டேளா?”

அவன் கேட்கவில்லை. அவளுக்குச் சம்மதம்தான் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

மறுநாளே மோகனப்ரியாவிடம் போனான். இரண்டு இடத்தில் சின்னக் கோட்டை நகர்த்தினால் போதுமே என்றான்.

“புதுசா கோடு போடலாம் சார், பழசு எங்க போவும்? ரெண்டுலயும் சேராத ஒரு எழுத்தா நிக்கும். லேசர்ல அழிக்கலாம், இல்லன்னா மேல தாமரை போட்டு மூடலாம்.” பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “ஸ்டென்சில பாத்தாரான்னு கேட்டேனே?”

“கேட்டார்.”

“போன்லயா?” மோகனப்ரியா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். “சரேலே, ஆனது ஆச்சு. அவரு அனுப்பின மெசேஜ காட்டுன்னு நானும் கேட்டிருக்கணும்.”

தாமரைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் கல்யாணப் பத்திரிகை பார்க்க நீரஜா தன் பெற்றோரோடு கௌஸ்துப் வீட்டுக்கு வந்தாள். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கைங்கரியத்தில் இருப்பவர் கௌஸ்துபின் அப்பா தோதாத்ரி. கௌஸ்துப் எல்லோருக்கும் காபியை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

“என்னடா அது கையில?” என்றார் தோதாத்ரி.

“கொரிய பாஷைப்பா.”

“என்ன எழுதியிருக்கு?”

காதல் என்று அந்தக் கூடத்தில் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நீரஜாதான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “‘உன் மனசு என்னுடையது’ன்னு எழுதியிருக்கு, மாமா.”

தோதாத்ரி எழுந்து அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“பெருமாள் சொல்றாரா? நாமெல்லாம் அவனோட சொத்து. அதைத்தான் தினமும் சேவிச்சிண்டிருக்கேன். குத்திண்டது எனக்குத் துளிகூடப் பிடிக்கலை. ஆனா குத்திண்ட விஷயம் நம்ம சித்தாந்தம்டா. உனக்கு இதெல்லாம் மனசுல இருக்குன்னே எனக்குத் தெரியாம போச்சே.”

நீரஜா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பக்திப் பரவசம் என்று கௌஸ்துபின் அம்மா நினைத்தாள்.

அந்த நல்ல வேளையை விடாமல் கௌஸ்துப் தொண்டையைச் செருமினான். “இன்னொண்ணும் சொல்லணும். நீரஜா வேலையை விடுவான்னு நான்தான் அவளைக் கேக்காம சொல்லிட்டேன். விடறதும் விடாததும் அவ இஷ்டம்.”

“விடப்போறதில்லை” என்றாள் நீரஜா.

மகனுடைய மனசே பெருமாளுடையது என்று தெரிந்த சந்தோஷத்தில் தோதாத்ரிக்கு அதில் ஆட்சேபம் சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கே வந்து கையைப் பார்த்துப் போனார்கள். இனி அதை எங்கே மூடுவது? கௌஸ்துப் மோகனப்ரியாவுக்குப் போன் செய்து, தாமரை வேண்டாம் என்றான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தடாவிலிருந்து சோ சாரும் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தார். மேடையேறிக் கை குலுக்கும்போது மாப்பிள்ளையின் முன்கை அவர் கண்ணில் பட்டது. குனிந்து படித்தார். நிமிர்ந்து மணப்பெண்ணைப் பார்த்தார்.

அவள் தெளிவான கொரிய மொழியில் அவருக்கு ஏதோ சொன்னாள். அந்த மனிதர் மாலைகள் நசுங்க இருவரையும் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“என்ன சொன்னே?” என்று கௌஸ்துப் மெல்லக் கேட்டான்.

“நல்ல வார்த்தைதான். கைங்கரியத்துக்கு எனக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்குன்னேன்” என்றாள் நீரஜா.