ஐயா அவர்கள் பூட்டிய ஷட்டர்

அந்தப் பாராட்டு மடலை ஒச்சாண்டி எழுதியிருந்தார். எழுதியிருந்தார் என்றா சொல்வது, இழைத்து இழைத்து மெழுகியிருந்தார். 'கருணைக் கடலே! கழனிகளின் காவலரே! வறட்சி எனும் வல்லரக்கனை வீழ்த்தி வாகை சூடிய வாளே!' என்று தொடங்கி நாலு பக்கம். நாலு பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட முடியவில்லை. பழனிசெட்டிபட்டியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் பவானி இந்த மாதிரி எத்தனையோ மடல் அடித்துக் கொடுத்திருக்கிறாள். எழுத்துக் கூட்டி அடிப்பதோடு சரி, உள்ளே போய்ப் படிக்கமாட்டாள். இதை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். ஏனென்றால் மேலே பெயர் சீனிச்சாமி என்று இருந்தது.

சீனிச்சாமி கால்வாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர். உடம்பு முடியவில்லை என்று பதவியை விட்டு இறங்குகிறார், அதற்குப் பாராட்டு விழா. சங்கத்துச் செயலாளர் ஒச்சாண்டிக்குத் தலைவர் என்றால் உயிர்.

பவானிக்கும் அந்த ஆள் என்றால் உயிர்தான், வேறு மாதிரி. அவள் அப்பா அழகருக்கு வீரபாண்டிக்குக் கீழே, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் வயல் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வறட்சி வருடம், நெல் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வரவில்லை. கடைமடை முழுக்கக் கருகியது. சங்கக் கூட்டத்தில் சீனிச்சாமி எழுந்து, தண்ணி விட்டாச்சு, அழகர் அவன் பங்கு வாய்க்காலைத் தூர் வாரவில்லை, அதான் கீழே போய்ச் சேரவில்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கடைமடையில் அத்தனை பேரும் அழகர் முகத்தில் விழிக்கவில்லை. சோம்பேறி, ஊர்ப் பயிரைக் காயவிட்டவன். தான் மண்வெட்டி பிடித்து வாரிய வாய்க்காலைக் காட்டிக் காட்டிப் பார்த்தார் மனுஷன், ஒருவரும் நம்பவில்லை. வயலை விற்றுவிட்டு மலையேறி, வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனார். அங்கேயே நெஞ்சு வலி வந்து செத்தார். துக்கத்துக்கு வந்தவர்கள்கூட அந்த வாய்க்கால் பேச்சைத்தான் பேசினார்கள்.

இப்போது அந்தச் சீனிச்சாமி அவள் கடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒச்சாண்டி. பவானியை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. தெரிவதற்கு என்ன இருக்கிறது, அப்போது அவள் ரெட்டைச் சடை போட்ட பிள்ளை.

வந்த காரியம் இதுதான். விழாவுக்கு வரப்போகிற பாசனத் துறைப் பொறியாளர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், மடல் ஒரு பக்கத்துக்கு மேல் போனால் நான் எழுந்து போய்விடுவேன், விவசாயிக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும் என்று. சுருக்க வேண்டும், எளிமையாக்க வேண்டும், ஆனால் மரியாதை ஒரு நூல் குறையக்கூடாது. ஒச்சாண்டிக்குத் தன் பிள்ளையைத் தானே வெட்டுகிற மாதிரி இருந்தது, கை வரவில்லை.

பவானி செய்கிறேன் என்றாள்.

முதலில் கூவி அழைப்பதையெல்லாம் எடுத்தாள். கடலே, காவலரே, வாளே எல்லாம் போயிற்று. ஒச்சாண்டி பதறிப்போய், அப்புறம் மரியாதை எங்கே இருக்கிறது என்றார். "மரியாத கடைசில வருது பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள் பவானி. 'ஐயா அவர்கள் கால்வாய்க் கரையைப் பலப்படுத்தினார்கள்.' வாய் விட்டுப் படித்துப் பார்த்தார் ஒச்சாண்டி. சீனிச்சாமியின் தலை லேசாக ஆடியது. திருக்கரங்களால் திறந்தருளியது 'திறந்து வைத்தார்கள்' ஆனது. பொன்மொழி இயம்பியது 'எடுத்துச் சொன்னார்கள்' ஆனது. 'சொன்னார்' என்று வெட்டினால் மொட்டையாகிவிடும், 'சொன்னார்கள்' என்றால் கும்பிட்டு நிற்கிறது. அந்த நுணுக்கம் பவானிக்குக் கைவந்த கலை. எத்தனை கண்ணீர் அஞ்சலி, எத்தனை காதுகுத்து பார்த்திருக்கிறாள்.

அலங்காரத்தை எடுக்க எடுக்க ஒரு சங்கடம் வந்தது. கூவலை எடுத்துவிட்டால் உள்ளே ஒரு காரியம் இருக்க வேண்டுமே. 'ஈகையின் இமயமே' என்பதை எளிமையாக எழுது என்றால், யாருக்கு என்ன கொடுத்தார் என்று எழுத வேண்டும். கேட்டாள். ஒச்சாண்டி தலைவரைப் பார்த்தார், தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த வரி போயிற்று. 'ஏழை விழிநீர் துடைத்த விரலே' என்பதற்கும் அதே கதி. நாலு பக்கம் அரைப் பக்கம் ஆகிவிட்டது. சீனிச்சாமிக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

அப்போதுதான் பவானி, இந்த வறட்சி அரக்கன் வரி என்ன ஐயா, நல்லா இருக்கே, இதை விட்டுவிடக்கூடாது, அதில் என்ன நடந்தது என்று கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள்.

சீனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள் முகமே மலர்ந்துவிட்டது.

"அந்த வருசம் தண்ணி பத்தலம்மா. தலைமடைல பயிரு பால் புடிக்கிற நேரம். ராவோட ராவா போயி கடைமடைக்குத் தண்ணி விடுற ஷட்டரப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். தண்ணி அவுக முறதான், இல்லங்கல. முறையப் பாத்தா எங்க பக்கம் ஒரு கதிரு மிஞ்சாது. கடைசி வர சாவிய ஒருத்தன் கையில குடுக்கலயே."

ஒச்சாண்டி பெருமையில் பூரித்துப் போய், அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும், தலைமடையில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மெச்சுவார்கள் என்றார். பாவி மனுஷர்களுக்கு அது பெருமைதான். தங்களுக்குள்ளேயே பேசிப் பேசி அது திருட்டு என்பதே மறந்து போயிருந்தது.

பவானி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். அப்பா எத்தனை வீட்டு வாசலில் நின்று, நான் வாரினேன் என்று கெஞ்சியிருப்பார். கத்தியிருக்கலாம் அவள். இந்தா வெளியே போ என்று மடலைக் கிழித்து மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறிந்தால் இந்தக் கடைக்குள் நாலு சுவருக்குத்தான் கேட்கும். ஊர் கேட்க வேண்டும்.

திரும்ப வந்து உட்கார்ந்து அடித்தாள். முதலில் கை தானாகவே 'அநியாயமாக' என்று அடித்துவிட்டது. அழித்தாள். அது இருந்தால் நறுக்கென்று கண்ணில் படும், எடுக்கச் சொல்லிவிடுவார்கள். கோபத்து வார்த்தையும் வேண்டாம், புகழ் வார்த்தையும் வேண்டாம், அந்த ஆள் சொன்னது மட்டும் போதும், மரியாதையோடு.

'வறட்சி வந்த ஆண்டில் தலைமடை நெல்லைக் காப்பாற்ற வேண்டி, கடைமடைக்குத் தண்ணீர் முறை இருந்தபோதும், ஐயா அவர்கள் கடைமடை ஷட்டரைத் தாமே பூட்டினார்கள். சாவியைக் கடைசிவரை தம்மிடமே வைத்திருந்தார்கள். அதனால் தலைமடையில் ஒரு வயலும் காயவில்லை.'

மடல் முழுவதையும் அவருக்கே உரக்கப் படித்துக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார் சீனிச்சாமி. காலமெல்லாம் மேடையில் மடல் கேட்டுப் பழகிய காது அது. என்ன சொல்கிறார்கள் என்று அது கேட்காது, எப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் கேட்கும். ஒவ்வொரு 'ஐயா அவர்கள்' வரும்போதும் மோவாய் ஒரு சுற்று மேலே போனது. முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். சாவி வரியில் 'ஐயா அவர்கள்' விட்டுப்போயிருக்கிறது, அங்கேயும் போடு என்றார். போட்டாள். கடை வழக்கப்படி, அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கிற பார்வைப் படியில் கையெழுத்துக் கேட்டாள். சுழித்துச் சுழித்துப் போட்டுக் கொடுத்தார்.

"நல்லா கணீர்னு படிக்கிறியேம்மா. விழாவுல நீயே படிச்சிரு" என்றார் எழும்போது.

தலையாட்டினாள் பவானி. அன்று வீட்டுக்குப் போய் அம்மா ராமுத்தாயிடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு விழாவுக்கு வா என்று மட்டும் சொன்னாள். யாருக்கு விழா என்று தெரிந்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த நாய் மூஞ்சியில் நான் ஏன் முழிக்கணும் என்றது. வா ஆத்தா, வந்து சும்மா உட்கார் என்று கெஞ்சிக் கூட்டிப்போனாள்.

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைமடைக்காரர்கள், பின்னால் கடைமடைக்காரர்கள், கால்வாயில் அவரவர் வயல் இருக்கிற வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் போர்த்துவதற்கு ஆளுக்கொரு துண்டு எல்லார் மடியிலும் இருந்தது. பவானி ஒலிபெருக்கி முன்னால் நின்று படித்தாள். கரையைப் பலப்படுத்தியதற்குக் கைதட்டினார்கள். சங்கக் கட்டடத்தைத் திறந்து வைத்ததற்குக் கைதட்டினார்கள். வறட்சி வரி வந்தது. வேகம் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. முன்வரிசையில் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். அந்தத் தட்டு பாதியில் நின்றது, ஏனென்றால் பின்னால் ஒருவரும் தட்டவில்லை.

பொறியாளர் அம்மாள் பக்கவாட்டில் திரும்பி சீனிச்சாமியைப் பார்த்தார். "அந்த வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார்.

படித்தாள். இனித்தது அவளுக்கு. இந்த இனிப்புக்கு எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டே, 'ஐயா அவர்கள்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திப் படித்தாள்.

ஒச்சாண்டி ஓடி வந்து, இது தப்பாக அடித்துவிட்டார்கள், பழைய மடல் என்னிடம் இருக்கிறது என்று ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். 'கருணைக் கடலே' என்றார். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. இது கடைக்காரியின் வேலை என்று சீனிச்சாமி எழுந்து கத்தினார். பவானி பார்வைப் படியை எடுத்துப் பொறியாளர் அம்மாள் கையில் கொடுத்தாள். கையெழுத்து அந்த அம்மாளுக்குத் தெரிந்ததுதான், மாதாமாதம் மனுக்களில் பார்க்கிறவர்.

ராமுத்தாய் எழுந்து நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றது. கூட்டத்தில் வாய் திறந்து பேசிய பழக்கமே இல்லாத பொம்பளை.

"எங்க வீட்டுக்காரரு வாய்க்கால வாரலன்னு சொன்னீகளே. இப்பச் சொல்லுங்க, அவரு வாரினாரா இல்லையா?"

சீனிச்சாமி அப்போதுதான் பவானியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கணக்குப் புரிந்துவிட்டது அவருக்கு.

"வாரினான்" என்றார்.

"வாரினாருன்னு சொல்லுங்க" என்றாள் பவானி.

பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள்.

"அழகர் வாரினாரு."

பின்னாலிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ராமுத்தாய்க்கு முன்னால் நின்றார்கள். சீனிச்சாமிக்கென்று கொண்டுவந்த துண்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அழுதது, வாங்கிக்கொண்டே அழுதது.

சீனிச்சாமி விருட்டென்று படியிறங்கி காருக்குப் போனார். கண்ணாடிச் சட்டம் போட்ட மடல் மேடையிலேயே கிடந்தது. பவானி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். காரின் கதவைத் திறந்து, அவர் மடியில் இரண்டு கையாலும் பணிவாக வைத்தாள்.

"மறந்துட்டுப் போறீக ஐயா. வீட்டுல எல்லாரும் பாக்குற எடத்துல மாட்டி வையிங்க."