ஈரத்துக்குக் கழிவு

ரப்பர் விலை படுத்துக் கிடந்த 1932. மலாயாவின் பத்து பாகாட் ஊரில் ரப்பர் வியாபாரி சாத்தப்பனுக்குக் கிடங்குச் சரக்கை ஈடு காட்டி பாங்குக் கடன் வேண்டும். "கிடங்கில எல்லாமே காஞ்ச சரக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடு," என்றார் கணக்கப்பிள்ளை உலகப்பனிடம்.

கண்ணால் பார்க்காததை எழுதுகிற ஆளா உலகப்பன்? கிடங்கில் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பாதிக்குமேல் வெள்ளை பூத்து ஈரமாக இருந்தன. அவற்றைத் தனியாக எடைபோட்டு, ஈரத்தைக் கழித்து எழுதினான்.

கணக்கைப் பார்த்த சாத்தப்பன் கத்தினார். "உன்னை யாரு கழிக்கச் சொன்னது? மாத்து, இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

"கம்பத்துக் கிராமத்துக்காரங்க ஈர ஷீட் விக்கக் கொண்டாந்தா நீங்க கழிக்கிற அதே கழிவுதான் முதலாளி. நமக்கு வேணாம்னா அவங்களுக்கும் வேணாம்னு சொல்லிடட்டுமா?"

வாசலில் ஒரு மலாய்க்காரர் சைக்கிளிலிருந்து ஈர ஷீட்டுகளை இறக்கினார்.

சாத்தப்பன் பல்லைக் கடித்தார். "வழக்கம்போலக் கழி."

உலகப்பன் மலாய்க்காரர் எடையிலும் பாங்குக் கணக்கிலும், இரண்டிலும் கழித்தான்.